உட்பிரிவு போட்டுப் பழகியும் சேர்ந்து வாசிக்கும்போது ஓடுகிறேன்

மூன்றாம் தந்தி
6 ஜூலை 2025, இரவு 10.40

மெட்ரோனோம் செயலியில் ஒரு டிக்கைச் சிறு டிக்குகளாகப் பிரித்துக் கொடுக்கும் உட்பிரிவு என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அது வீட்டுக்குள் மட்டும் வேலை செய்யும் மருந்து என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். யாராவது மறுத்துச் சொல்லுங்கள்.

எனக்கு வீடு முலுண்டில். ஞாயிறுதோறும் வயலின் பெட்டியோடு குர்லாவில் வண்டி மாறிச் செம்பூர் போகிறேன். அங்கே கிதார்காரர் வீட்டில் நான்கு பேர் சேர்ந்து வாசிக்கிறோம்: வயலின், கிதார், மிருதங்கம், கீபோர்டில் கீழ்ச்சுரம். எல்லோரும் அலுவலகம் போகிறவர்கள். நவராத்திரியில் அவர்களுடைய குடியிருப்பில் கொலுவுக்கு நான்கு உருப்படி வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். முதல் உருப்படி கிதார்காரரே அமைத்தது. ஹம்சத்வனி, ஆதி தாளம், நிமிடத்திற்கு 80.

அது ஓடுகிறது. 80இல் தொடங்கி, முடிக்கும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது. நால்வரில் மூவர் என்னைத்தான் காட்டுகிறார்கள். அதனால் மூன்று வாரமாகத் தினமும் அரை மணி நேரம், செயலியில் 80 வைத்து, அட்சரத்துக்கு நான்கு டிக் போட்டுப் பழகினேன். தனியாக வாசித்தால் கடிகாரம் மாதிரி இருக்கிறது. இன்று செம்பூரில் மறுபடியும் ஓடினேன். "கடைசி ரயிலைப் பிடிக்கிறீர்களா?" என்று கிதார்காரர் கேட்டார். மணி அப்போது மாலை 5 கூட ஆகவில்லை.

அரை மராத்தான்
6 ஜூலை 2025, இரவு 11.15

தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். நானும் மெட்ரோனோம் வைத்துத்தான் ஓடுகிறேன். நிமிடத்திற்கு 170 அடி. உட்பிரிவெல்லாம் போட்டதில்லை. சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் வேகத்துக்கு நம் கால் தானாகப் போய்விடும். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு ஓடிப் பாருங்கள், எனக்குப் பலன் இருந்தது.

மூன்றாம் தந்தி
6 ஜூலை 2025, இரவு 11.22

ஐயா, நான் வயலினில் ஓடுகிறேன். காலால் ஓடச் சொன்னால் முலுண்டு நிலையத்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிடுவேன்.

ஒலிப்பொறி
7 ஜூலை 2025, காலை 8.05

புளூடூத் காதணியா? அப்படியென்றால் காரணம் கிடைத்துவிட்டது. கம்பியில்லாக் காதணியில் ஒலி 0.2 வினாடி வரைகூடத் தாமதமாக வரும். உங்கள் மூளை அந்தத் தாமதத்தை ஈடுகட்டி முந்தப் பழகிவிட்டது. சேர்ந்து வாசிக்கும்போது தாமதம் இல்லை, முந்தல் மட்டும் மிச்சமாக நிற்கிறது. கம்பி வைத்த காதணி வாங்குங்கள். மேடை ஒலியமைப்பில் இருப்பவன் சொல்கிறேன்.

மூன்றாம் தந்தி
7 ஜூலை 2025, இரவு 9.50

படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. பழியைக் காதணி மீது போட்டுவிடலாமே! ஆனால் குளிக்கும்போது யோசித்ததில் அது சரியாக வரவில்லை. எல்லா டிக்கும் ஒரே அளவு தாமதமாகத்தானே வருகிறது? ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி மாறவில்லை. நான் காதில் கேட்பதோடுதான் சேர்ந்து வாசிக்கிறேன். செயலி எப்போது அனுப்பியது என்பது எனக்கு எதற்கு? எல்லா ரயிலும் சரியாகப் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அது புதிய அட்டவணை, அவ்வளவுதான்.

இருந்தாலும் மகளுடைய கம்பி வைத்த காதணியை வாங்கிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

ஒலிப்பொறி
7 ஜூலை 2025, இரவு 10.30

சரி, தனியாகக் கேட்டு வாசிப்பதற்கு நீங்கள் சொல்வது பொருந்தும். ஆனால் இரண்டு பேர் ஆளுக்கொரு காதணியில் ஒரே டிக்கைக் கேட்டால் தாமதம் ஆளுக்கு ஆள் மாறும். திரையில் மின்னும் ஒளியைப் பார்த்துக்கொண்டே கேட்டாலும் குழப்பம்தான். அந்த அளவில் என் பேச்சு நிற்கிறது.

செம்பூர் வலந்தலை
8 ஜூலை 2025, காலை 6.10

முப்பது வருடமாகப் பக்கவாத்தியம் வாசிக்கிறேன். யார் ஓடுகிறார்கள் என்பதைப் பிறகு பார்க்கலாம். எங்கே ஓடுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். "முடிவில் வேகமாக இருந்தது" என்பதை வைத்துக்கொண்டு எந்தப் பயிற்சியும் செய்ய முடியாது.

80இல் ஓர் அட்சரம் முக்கால் வினாடி. எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் சரியாக 6 வினாடி. அடுத்த ஞாயிறு கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஆவர்த்தனம் தொடங்கும் ஒவ்வொரு சமத்திலும் நேரத்தைக் குறியுங்கள். எந்த ஆவர்த்தனம் 6க்குக் குறைகிறது என்று பாருங்கள். பிறகு பேசலாம்.

மூன்றாம் தந்தி
13 ஜூலை 2025, இரவு 11.05

மழையில் ஹார்பர் வண்டி அரை மணி நேரம் நின்றது. அதையும் தாண்டிப் போய்ப் பதிவு செய்தேன். கணக்கு இதோ.

முதல் இரண்டு ஆவர்த்தனம் 6.0. மூன்றாவது, நான்காவது 5.9. எட்டாவது 5.7. பன்னிரண்டாவது 5.5. அதாவது 80இல் புறப்பட்டு 87ஐத் தொட்டிருக்கிறோம். முன்னே தள்ளியது யார் என்று பதிவைக் கேட்டாலே தெரிகிறது. நான் மறுக்கப் போவதில்லை.

இதில் கவனித்த ஒரு விஷயம்: முதல் இரண்டு ஆவர்த்தனம் கிதார் மட்டும். மூன்றாவதில்தான் நான் நுழைகிறேன்.

மூன்றாம் தந்தி
14 ஜூலை 2025, காலை 7.30

தூக்கம் வரவில்லை. பதிவைக் கணினியில் போட்டு அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குற்றவாளி அகப்பட்டான்.

நான் நுழையும் வரி பஞ்சமத்தில் நிற்கிறது. ஒன்றரை அட்சரம் நின்று, இரண்டாவது அட்சரத்தின் அரை இடத்தில் "நிப" என்று எழுந்து, மூன்றாவது அட்சரத்தில் "கரிகப" என்று போக வேண்டும். அட்சரத்துக்கு நான்கு மாத்திரை என்ற கணக்கில் ஆறு மாத்திரை கார்வை. நான் ஐந்தரையில் எழுந்துவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே அளவு. 80இல் அரை மாத்திரை என்பது 0.09 வினாடி. முக்கால் வினாடி ஆவர்த்தனத்தில் இது எங்கே தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

வேகமான "கரிகப" எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கைக்கு வேலை இருக்கும் இடத்தில் நான் ஓடவில்லை. சும்மா நிற்கும் இடத்தில்தான் ஓடுகிறேன். வேகமான இடங்களை மூன்று வாரம் தேய்த்ததெல்லாம் வீண்.

மூன்றாம் தந்தி
14 ஜூலை 2025, காலை 7.41

திருத்தம்: முக்கால் வினாடி அட்சரம். ஆவர்த்தனம் 6 வினாடி. தூங்காமல் எழுதினால் இப்படித்தான்.

செம்பூர் வலந்தலை
14 ஜூலை 2025, இரவு 8.20

மாத்திரையை விழுங்குகிற வியாதி. மிகவும் பரவலானது.

உங்கள் கணக்கிலேயே பதில் இருக்கிறது. 6.0இல் 0.09ஐக் கழித்தால் 5.91. மூன்றாவது ஆவர்த்தனம் 5.9 என்று எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள். நீங்கள் முன்னதாக எழுந்தீர்கள். மிருதங்கக்காரர் உங்களை விட்டுவிடாமல் தூக்கிக்கொண்டார். எங்களுக்குப் பாடமே அதுதான், முன்னால் இருப்பவரை அனுசரித்துப் போ. ஆக அந்த ஆவர்த்தனம் வேகமாகவில்லை, வெட்டுப்பட்டது. ஒரு துண்டு காணாமல் போயிற்று.

ஆனால் அதோடு நின்றிருந்தால் எல்லா ஆவர்த்தனமும் 5.9ஆகவே இருந்திருக்கும். உங்களுக்கு 5.5 வரை போயிருக்கிறது. அது இரண்டாவது நோய். வெட்டுப்பட்ட இடத்தில் உங்கள் குழு, "ஓ, இவர் வேகமாக்க விரும்புகிறார் போலும்" என்று எடுத்துக்கொண்டு காலப்பிரமாணத்தையே கொஞ்சம் ஏற்றிவிடுகிறது. நீங்கள் அடுத்த தடவை அந்தப் புதிய வேகத்தில் மறுபடியும் அரை மாத்திரையை விழுங்குகிறீர்கள். அவர்கள் மறுபடியும் ஏற்றுகிறார்கள். விழுங்குவது உங்கள் தவறு. ஏறுவது நான்கு பேருடைய தவறு. உட்பிரிவு முதல் நோய்க்கு மருந்து. இரண்டாவதற்கு அது மட்டும் போதாது.

ஒன்று கேட்கிறேன். வீட்டில் சரியாக வாசிக்கிறீர்கள் என்று எப்படித் தெரியும்?

மூன்றாம் தந்தி
14 ஜூலை 2025, இரவு 9.02

டிக்கோடு சேர்கிறதே.

செம்பூர் வலந்தலை
14 ஜூலை 2025, இரவு 9.10

அட்சரத்துக்கு நான்கு டிக் கேட்டால் யாருக்கும் சேரும். ஆறு மாத்திரை கார்வையில் ஆறு டிக்கையும் செயலி எண்ணிக் கொடுக்கிறது. நீங்கள் எண்ணவில்லை, காத்திருந்தீர்கள். சமத்தில் மட்டும் ஒலி வைத்து, மீதியெல்லாம் மௌனமாக்கி அதே வரியை வாசித்துப் பதிவு செய்யுங்கள்.

மூன்றாம் தந்தி
15 ஜூலை 2025, இரவு 10.15

செய்தேன். என் செயலியில் எட்டு வட்டம் வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டால் அது சாம்பல் நிறமாகி மௌனமாகிவிடுகிறது. முதல் வட்டத்தை மட்டும் விட்டுவைத்தேன். 6 வினாடிக்கு ஒரு டிக்.

முதல் தடவை, சமத்துக்கு நான் வந்து நின்று, வில்லைத் தூக்கி, யாராவது வருகிறார்களா என்று பார்த்த பிறகு டிக் வந்தது. கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன், ஆனால் கொஞ்சம்தான். அந்தக் கடிகாரச் சுத்தமெல்லாம் செயலியுடையது, என்னுடையது அல்ல. ஆறாம் தேதி எழுதிய முதல் வரியைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

கொலுப்படி
16 ஜூலை 2025, பகல் 2.30

மாட்டுங்காவில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் எல்லோருடைய கணக்கையும் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. என் மாணவி ஒருத்தி நான்கு டிக் போட்டு ஒரு மாதம் பழகிவிட்டு வந்தாள். ஒவ்வொரு கமகமும் டிக்குக்கு டிக் ஏறி இறங்கியது, மாடிப்படி மாதிரி. காந்தாரத்தின் அசைவுக்கு நான்கு சம பங்கெல்லாம் கிடையாது. அது அட்சரத்துக்குள் தன் பாட்டுக்கு வளைந்துவிட்டு, சேர வேண்டிய இடத்தில் சேரும். அதை ஒரு செயலி கத்தரித்துவிட்டது. நான் கையால் தாளம் போட்டுத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

செம்பூர் வலந்தலை
16 ஜூலை 2025, இரவு 7.45

அம்மா சொல்வது நியாயம். டிக் என்பது நுழையும் இடத்தையும் சேரும் இடத்தையும் காட்ட மட்டும்தான். நடுவில் சுரம் எப்படி வளைகிறது என்பதில் அதற்கு வேலை இல்லை. ஆனால் கையால் தாளம் போடும்போது அந்தக் கையும் நம்மோடு சேர்ந்து ஓடும். ஓடுகிறவரின் தாளம் ஓடாமல் நின்று நான் பார்த்ததில்லை.

கொலுப்படி
16 ஜூலை 2025, இரவு 8.30

என் கை ஓடாது.

செம்பூர் வலந்தலை
16 ஜூலை 2025, இரவு 8.33

நான் பொதுவாகச் சொன்னேன் அம்மா.

அரை மராத்தான்
17 ஜூலை 2025, காலை 6.50

ஓட வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். ஒரு சந்தேகம். உட்பிரிவு இரண்டு என்று போடுவதற்குப் பதிலாக 80ஐ 160 ஆக்கிவிட்டால் என்ன? டிக் விழும் நேரம் ஒன்றுதானே?

மூன்றாம் தந்தி
17 ஜூலை 2025, இரவு 9.20

நல்ல கேள்வி. நேற்று மின்வண்டியில் இதையேதான் யோசித்தேன். நேரம் ஒன்றுதான். ஆனால் 160 என்று வைத்தால் எல்லா டிக்கும் ஒரே குரல். எது அட்சரம், எது அரை இடம் என்று அது சொல்லாது. உட்பிரிவில் அட்சரம் கனமாகவும் மற்றவை மெல்லியதாகவும் விழும். எனக்குச் சிக்கலே அரை இடத்தில் எழுவது என்பதால், கனம் தெரியாமல் முடியாது. 160 வைத்து முயன்றபோது இரண்டு தடவை அரை இடத்தையே சமமாக எடுத்துக்கொண்டு கம்பீரமாகத் தப்பாக வாசித்தேன்.

ஓட்டத்துக்கு வேண்டுமானால் இடது கால், வலது கால் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் தந்தி
27 ஜூலை 2025, இரவு 11.30

இரண்டு வாரமாகச் செய்தது என்னவென்று எழுதிவைக்கிறேன், எனக்கே பிறகு தேவைப்படும்.

முழு உருப்படியை விட்டுவிட்டேன். அந்த ஒரு வரி மட்டும். முதலில் நான்கு டிக்கோடு வாசித்தேன், ஆனால் வில் போடும்போது வாயும் சேர்ந்து சொல்லும்: கார்வைக்கு "தகதிமி தக", அடுத்த "திமி"யில் எழுவது. வலந்தலை சொன்னபடி சத்தமாகவே சொன்னேன். மனைவி கதவை மூடிக்கொண்டாள். வாய் சொல்வது செயலியோடு நிதானமாகப் பொருந்திய பிறகு, செயலியில் இரண்டு டிக்காகக் குறைத்தேன். பிறகு அட்சரத்துக்கு ஒன்று. வாய் மட்டும் நான்கையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இதுதான் நான் ஜூனில் செய்யாமல் விட்டது. நான்கிலேயே உட்கார்ந்திருந்தேன், எண்ணுகிற வேலை என்னிடம் வரவேயில்லை.

பிறகு இன்னொன்று செய்தேன். உட்பிரிவை நீக்கிவிட்டு 80 வைத்து, கேட்கும் டிக்கை அட்சரமாக எடுத்துக்கொள்ளாமல் அரை இடமாக எடுத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் நான் எழ வேண்டிய அதே இடத்தில் டிக் விழுகிறது. அரை மாத்திரை முந்தினால் உடனே பல்லிளிக்கும். பிடிப்பது கடினம். பத்து வினாடி அசந்தால் மனம் புரண்டு அதை அட்சரமாக்கிக்கொள்ளும். டிக்குக்கு நடுவே காலால் தரையைத் தட்டிக்கொண்டு நாலைந்து நாளில் பழகிற்று.

இப்போது சமத்தில் மட்டும் ஒலி வைத்தால் டிக்கோடு ஏறக்குறைய சேர்கிறேன். "ஏறக்குறைய" என்ற சொல்லுக்குள் இன்னும் நிறைய ஒளிந்திருக்கிறது.

அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது உருப்படி திஸ்ர நடை. அதற்கும் நான்கு டிக் போட்டு இரண்டு நாள் பழகி, "இது மோசமாகிறதே" என்று குழம்பினேன். தகிட என்று போகிற பாட்டுக்குத் தகதிமி என்று டிக் விழுந்தால் வேறென்ன ஆகும்? மூன்றாக மாற்றியதும் சரியாயிற்று. மகள் இன்னும் சிரிக்கிறாள்.

செம்பூர் வலந்தலை
28 ஜூலை 2025, காலை 6.05

மூன்றாவது உருப்படி பற்றிச் சொன்னதுதான் மருந்தைவிட மேலான செய்தி.

இனி நால்வரும் சேர்ந்து செய்ய வேண்டியது. செயலியை ஒலிபெருக்கியில் போடுங்கள். இரண்டு ஆவர்த்தனம் டிக் கேட்கட்டும், அடுத்த இரண்டு ஆவர்த்தனம் மௌனம், பிறகு மறுபடி கேட்கட்டும். பல செயலிகளில் இந்த வசதி உண்டு. மௌனம் 12 வினாடி. டிக் திரும்பும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். யாரும் யாரையும் திட்டக்கூடாது.

மூன்றாம் தந்தி
3 ஆகஸ்ட் 2025, இரவு 10.50

செய்தோம். திட்டக்கூடாது என்ற விதி முதல் ஐந்து நிமிடம் காப்பாற்றப்பட்டது.

மௌனம் முடிந்து டிக் திரும்பியபோது நாங்கள் அரை அட்சரத்துக்குச் சற்றுக் குறைவாக முன்னால் நின்றோம். கீபோர்டுக்காரர் கணக்குப் போட்டார். 12 வினாடியில் 16 அட்சரம் வாசித்திருக்க வேண்டும், நாங்கள் வாசித்தது 16.4. அதாவது 82. கேட்கும்போது நிதானமாகத்தான் இருந்தது. 80க்கும் 82க்கும் எங்கள் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 12 வினாடி சேர்ந்தால் அசிங்கமாகத் தெரிகிறது.

பதிவைப் பார்த்தேன். என் "நிப" சரியான இடத்தில்தான் எழுகிறது. இந்தத் தடவை நான் விழுங்கவில்லை. அப்படியும் 82.

ஒலிப்பொறி
4 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

இதைப் பற்றிப் படித்திருக்கிறேன். 2017இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டது. இருவர் சேர்ந்து விரலால் தாளம் தட்டச் சொன்னார்கள், வெளியிலிருந்து டிக் இல்லாமல். தனியாகத் தட்டும்போது ஏறுவதைவிட இருவர் சேரும்போது வேகம் அதிகமாக ஏறியது. ஆக உங்கள் குழுவில் குற்றவாளி யாரும் இல்லாமலேயே ஓட முடியும். ஒருவேளை நால்வரும் ஆளாளுக்கு, "நான் பின்தங்கிவிடக்கூடாது" என்று பதறுகிறீர்களோ என்னவோ.

மூன்றாம் தந்தி
4 ஆகஸ்ட் 2025, இரவு 10.05

விரல் தட்டுவதும் ஹம்சத்வனியும் ஒன்றல்ல என்றாலும், இதை அச்செடுத்துக் கிதார்காரர் வீட்டுச் சுவரில் ஒட்டப் போகிறேன். காதணிக்குப் பிறகு எனக்குக் கிடைத்த நல்ல சாக்கு இதுதான்.

மூன்றாம் தந்தி
17 ஆகஸ்ட் 2025, இரவு 11.10

எங்களுக்குப் பலித்தது இது. மௌன ஆவர்த்தனத்தில் நால்வரும் வாய்க்குள் தகதிமி சொல்வது என்று முதலில் முடிவு செய்தோம். சரிப்படவில்லை. நான்கு தகதிமியும் சேர்ந்து ஓடின. பிறகு கீபோர்டுக்காரரை மட்டும் பொறுப்பாக்கினோம். அவருக்கு அதிக வேலை இல்லாத பகுதி. இடது கையால் கீழ்ச்சுரம் போட்டுக்கொண்டு, வலது கை விரலால் தொடையில் நான்கு மாத்திரையும் தட்டுவார். மற்ற மூவரும் அவருடைய கீழ்ச்சுரத்தைக் கேட்டு அதற்கு ஒரு மயிரிழை பின்னால் இருக்க முயல வேண்டும். முந்தக்கூடாது என்பதல்ல எங்கள் விதி, பின்னால் நில் என்பது. இப்படிச் சொன்னபோதுதான் உடம்புக்குப் புரிந்தது.

மௌனத்துக்குப் பிறகு இப்போது டிக்கோடு கிட்டத்தட்ட ஒட்டுகிறோம். சில தடவை பின்தங்கவும் செய்கிறோம்! கிதார்காரர் அதை வெற்றி என்று கொண்டாடினார். மிருதங்கக்காரர் மட்டும் கொண்டாடவில்லை. கீபோர்டைக் கேட்டு மிருதங்கம் போவதாவது என்று முகம் சுளித்தார். அவர் தனியாவர்த்தனத்தில் மட்டும் கீபோர்டு தொடைத் தாளத்தை நிறுத்திக்கொள்ளும் என்று சமாதானம் ஆயிற்று.

செம்பூர் வலந்தலை
18 ஆகஸ்ட் 2025, காலை 6.20

அவர் முகம் சுளித்ததில் எனக்கு அனுதாபம் உண்டு. நானாக இருந்தால் வேறு வீட்டுக்கு வாசிக்கப் போயிருப்பேன். ஆனாலும் வேலை செய்கிற ஏற்பாட்டைக் கலைக்காதீர்கள்.

கொலுப்படி
18 ஆகஸ்ட் 2025, பகல் 3.10

என் மாணவியிடம் உங்கள் முறையைச் சொல்லிப் பார்த்தேன், சமத்தில் மட்டும் டிக். கமகம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அவளும் சமத்துக்கு முன்னதாகவே வந்து நிற்கிறாள். என் கையையும் சோதித்துப் பார்த்தேன். முடிவைச் சொல்லப் போவதில்லை.

மூன்றாம் தந்தி
28 செப்டம்பர் 2025, காலை 9.15

நேற்றுக் கச்சேரி முடிந்தது. சுண்டல் இரண்டு கிண்ணம்.

பதிவைக் கேட்டு ஆவர்த்தனம் குறித்தேன். முதல் உருப்படி தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஏறவேயில்லை. என் கார்வை ஆறு மாத்திரையும் முழுசாக நிற்கிறது. ஆனால் எல்லா ஆவர்த்தனமும் 5.6. அதாவது நாங்கள் ஓடவில்லை, தொடங்கியதே 86இல்! கிதார்காரர் பதற்றத்தில் எண்ணிக் கொடுத்த வேகம் அது. மூன்று மாதம் பழகியதற்கு, தப்பான வேகத்தை அசையாமல் பிடித்திருக்கிறோம்.

யாரும் கவனிக்கவில்லை. எதிர் வீட்டு மாமி மட்டும், "விறுவிறுப்பாக இருந்தது" என்றார்.

மூன்றாம் தந்தி
28 செப்டம்பர் 2025, காலை 9.40

விட்டுப்போனது: கடைசி உருப்படி உண்மையிலேயே ஏறியது. 6.0இல் தொடங்கி 5.8. அதற்கு நாங்கள் கீபோர்டு ஏற்பாட்டைச் செய்யவில்லை, நேரம் இல்லை. ஆனால் பதிவில் அது நன்றாக இருக்கிறது. மறுபடியும் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. இதை என்ன செய்வது?

செம்பூர் வலந்தலை
28 செப்டம்பர் 2025, இரவு 7.00

ஒன்றும் செய்ய வேண்டாம். 80இலிருந்து 83 போலக் கடைசியில் ஏறுவது சூடு, ஓட்டம் அல்ல.

கொலுப்படி
28 செப்டம்பர் 2025, இரவு 7.25

ஒத்துக்கொள்ள மாட்டேன். எடுத்த காலப்பிரமாணத்தில் முடிக்க வேண்டும். சூடு என்று பெயர் வைத்தால் ஓட்டம் இல்லையென்று ஆகிவிடுமா?

மூன்றாம் தந்தி
28 செப்டம்பர் 2025, இரவு 10.30

நீங்கள் இருவரும் பேசி முடியுங்கள். நான் தொடக்க வேகத்தைக் கவனிக்கிறேன். இனிமேல் கிதார்காரர் எண்ணுவதற்கு முன் திரையில் மின்னும் ஒளியை எட்டு அட்சரம் பார்த்து, அந்த வரியை வாய்க்குள் தகதிமியோடு ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் எண்ண வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஒலியை நிறுத்திவிட்டு ஒளி மட்டும். "நான் கண்ணாடி போடாமல் எதையும் பார்க்க முடியாது" என்கிறார்.

அரை மராத்தான்
29 செப்டம்பர் 2025, காலை 6.15

அதிர்வு வசதி இருந்தால் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் ஓடுகிறேன்.

மூன்றாம் தந்தி
29 செப்டம்பர் 2025, காலை 8.02

இருக்கிறது. ஞாயிறு முயன்று பார்க்கிறோம்.